ஒரே சரக்கு, இருபது கடை: லைன் போடுவதும் வசூல் எடுப்பதும்

ஒரு பொருளை மொத்தமாக வாங்கிப் பக்கத்து ஊர்க் கடைகளுக்குப் போடுகிற சின்ன விநியோகத் தொழிலைப் பற்றியது இந்தப் பாடம். நான் பொறியியல் படிக்கும் மாணவன். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே, முறுக்கு செய்யும் ஒரு குடும்பத்திடம் சரக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் இருபது கடைகளுக்குப் போடுகிறேன். சரக்கு ஒன்றே ஒன்றுதான்: 150 கிராம் கலவை பாக்கெட். கடைகளில் பாதி மளிகைக் கடை, மீதி மினி மார்க்கெட்டும் சாப்பாட்டுக் கடையும்.

இந்தத் தொழிலில் விற்பது சுலபம். "வெச்சிட்டுப் போ தம்பி" என்று பத்தில் எட்டு கடைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். வைத்த சரக்கு பணமாகித் திரும்பி வருவதுதான் கஷ்டம். அதனால் லைன் போடுவதையும் வசூலையும் நான் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். அது ஏன் என்பது ஒரு பாக்கெட்டின் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

செய்பவரிடம் நான் வாங்கும் விலை 2 வெள்ளி. கடைக்கு 2 வெள்ளி 60 சென்னுக்குக் கொடுக்கிறேன். கடைக்காரர் 3 வெள்ளி 30 சென்னுக்கு விற்கிறார். ஆக, ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு நிற்பது 60 சென்.

ஒரு சனிக்கிழமை பத்து கடை. கடைக்குச் சராசரி 15 பாக்கெட் என்றால் மொத்தம் 150 பாக்கெட், லாபம் 90 வெள்ளி. அதில் பெட்ரோலுக்கு 15 வெள்ளி போகும். உடைந்தது, நமுத்தது, தேதி நெருங்கியது என்று திரும்பி வருவதற்கு இன்னொரு 15 வெள்ளி. மிஞ்சுவது 60 வெள்ளி. வேலை ஐந்து மணி நேரம் என்பதால், மணிக்கு 12 வெள்ளி. பகுதிநேர வேலைக்கு மோசமில்லை.

இப்போது ஒரே ஒரு கடை 15 பாக்கெட்டுக்குப் பணம் தரவில்லை என்று வையுங்கள். அந்த 15 பாக்கெட்டுக்கு என் கையிலிருந்து போனது 30 வெள்ளி. அதைத் திரும்ப எடுக்க, பாக்கெட்டுக்கு 60 சென் வீதம் 50 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது, மூன்று கடைகளுக்கு மேல் நான் செய்த வேலை அந்த ஒரு கடையின் பாக்கியை அடைக்கப் போய்விடும். லாபம் சிறியதாக இருக்கும் தொழிலில் ஒரு பாக்கி, பல விற்பனைகளைச் சாப்பிட்டுவிடும். புதுக் கடை பிடிப்பதைவிட இருக்கும் கடையில் ஒழுங்காக வசூல் எடுப்பது எனக்கு முக்கியமானது இதனால்தான்.

முதல் எவ்வளவு வேண்டும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். இருபது கடைகளில் தலா 15 பாக்கெட் எப்போதும் அலமாரியில் இருக்கும். வாங்கிய விலைக்கு அது 600 வெள்ளி. அடுத்த சனிக்கிழமைக்கு வீட்டில் வைத்திருக்கும் 150 பாக்கெட் 300 வெள்ளி. ஆக 900 வெள்ளி. பகுதிநேர வேலையில் நான் சேர்த்த பணம் மொத்தமும் அதுதான். எல்லாக் கடையும் ஒரு தடவை பணத்தைத் தள்ளிப் போட்டால், இதே வியாபாரத்தை நடத்த இன்னும் 600 வெள்ளி தேவைப்படும். லாபமோ ஒரு சென்கூட ஏறாது. செய்பவர் எனக்குக் கடன் தருவதில்லை, ரொக்கம்தான். எனவே வசூல் தாமதமானால் அடுத்த வாரம் சரக்கு எடுக்கவே கையில் காசு இருக்காது.

மூன்று விதமான பேச்சு

கடைக்காரரோடு முதல் நாளே பேசி முடிக்க வேண்டியது, பணம் எப்படி வரும் என்பது. மூன்று வழிகள் உண்டு.

முதலாவது ரொக்கம். சரக்கைக் கொடுத்ததும் காசு. புது ஆளுக்கு இதை ஒப்புக்கொள்கிற கடை குறைவு.

இரண்டாவது பில்லுக்குப் பில். இன்று போடும் சரக்குக்கு அடுத்த முறை வரும்போது பணம். அந்தப் பணம் வந்த பிறகுதான் புதுச் சரக்கு. எந்தக் கடையிலும் ஒரே ஒரு பில்தான் நிலுவையில் நிற்கும். என் கடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

மூன்றாவது கன்சைன்மெண்ட். விற்றதற்கு மட்டும் பணம், விற்காததை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். புதுக் கடைக்குள் நுழைய இது நல்ல வழி. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: இதில் அலமாரியில் இருக்கும் சரக்கு இன்னும் உங்களுடையது. எலி கடித்தாலும், யாராவது எடுத்துப் போனாலும் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துத்தான் கணக்கு முடிக்க வேண்டும்:

விற்றது = முன்பு இருந்தது + போன முறை போட்டது − இப்போது இருப்பது − திருப்பி எடுப்பது

ஒரு கடையில் முன்பு 4 இருந்தது. போன முறை 15 போட்டேன். இப்போது 6 இருக்கிறது. ஒன்று உடைந்துவிட்டதால் திருப்பி எடுக்கிறேன். 4 + 15 − 6 − 1 = 12. பன்னிரண்டுக்கு 31 வெள்ளி 20 சென். "எத்தனை வித்துச்சுண்ணே?" என்று கேட்டுப் பில் எழுதினால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் கடையில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. உங்கள் பாக்கெட்டை நினைவில் வைத்திருப்பது அவர் வேலையல்ல. எண்ணுவது உங்கள் வேலை.

நான் புதுக் கடைக்கு மூன்று முறை கன்சைன்மெண்ட் கொடுப்பேன். பிறகு பில்லுக்குப் பில். இதை முதல் நாளே சொல்லிவிடுவதால் நான்காவது முறை சங்கடம் வராது.

லைன் போடுவது

என் கடைகள் இரண்டு லைனாகப் பிரிந்திருக்கின்றன. முதல் லைன், ஈப்போவிலிருந்து லுமுட் போகும் பழைய சாலை: மெங்லெம்பு, லாஹாட், பூசிங், சிப்புத்தே, துரோனோ, ஸ்ரீ இஸ்கண்டார். இது நேர்கோடு. போன வழியிலேயே திரும்ப வேண்டும், மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். இரண்டாவது லைன் ஒரு வட்டம்: ஈப்போவிலிருந்து பத்து காஜா, அங்கிருந்து கோப்பேங், பிறகு சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ. ஒரு சனிக்கிழமை முதல் லைன், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது. ஆக ஒவ்வொரு கடையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் முகத்தைப் பார்க்கும்.

நேர்கோட்டு லைனில் ஒரு சின்ன வேலை செய்தால் நிறைய நேரம் மிஞ்சும். நம் நாட்டில் வண்டி இடது பக்கம் ஓடுகிறது. போகும்போது இடது பக்கக் கடைகளை மட்டும் பாருங்கள். மறுபக்கக் கடைகள் திரும்பி வரும்போது தானாகவே இடது பக்கம் வந்துவிடும். வலது பக்கம் வெட்டித் திரும்பவோ, யூ டர்ன் தேடவோ வேண்டாம். வட்ட லைனில் இந்த வசதி இல்லை. அங்கே எந்தப் பக்கம் கடை அதிகமோ, அது இடப்பக்கம் வரும்படி சுற்றும் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் வரைபடத்தில் குறுகிய வழி எது என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, கல்லாவில் முதலாளி எப்போது உட்கார்ந்திருப்பார் என்பது. கடையில் வேலை செய்பவர் சரக்கை வாங்கி வைப்பார். பணம் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்காது. "மொதலாளி இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பினால், அந்தக் கடை வழியில் இருந்தும் பயனில்லை. எனவே என் நோட்டில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நேரம் எழுதியிருக்கிறேன். மளிகைக் கடைகளுக்குக் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை நல்ல நேரம். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பன்னிரண்டு முதல் இரண்டு வரை போகவே கூடாது. அவர்களுக்குச் சோறு போடவே நேரம் இருக்காது, உங்களுக்கு எங்கே பில் பார்ப்பார்கள்? அதனால்தான் மளிகைக் கடைகளைப் போகும் வழியில் பெரும்பாலும் முடித்துவிட்டு, சாப்பாட்டுக் கடைகளை இரண்டரைக்கு மேல் திரும்பும் வழியில் வைத்திருக்கிறேன்.

ஒரு கடைக்கு 15 நிமிடம் என்று வையுங்கள். பத்துக் கடைக்கு இரண்டரை மணி நேரம். ஓட்டுவதற்கு இரண்டு மணி. காலையில் சரக்கு ஏற்ற அரை மணி. அதோடு ஐந்து மணி நேரம் நிறைந்துவிடுகிறது. பதினோராவது கடையைச் சேர்த்தால் கடைசிக் கடைகளில் அவசரப்படுவேன். அவசரத்தில் முதலில் விடுபடுவது எண்ணிக்கை.

எந்தக் கடையைச் சேர்ப்பது, எதை விடுவது? மணிக்கு 12 வெள்ளி என்ற கணக்கை இங்கே பயன்படுத்துகிறேன். வழியிலேயே இருக்கும் கடை எனக்கு 15 நிமிடம்தான் செலவு, அதாவது 3 வெள்ளி. ஐந்து பாக்கெட் விற்றால் அது அடைந்துவிடும். மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் கடைக்குப் போக வர ஆறு கிலோமீட்டரும் பத்து நிமிடமும் கூடுதல். நேரத்துக்கு 5 வெள்ளி, பெட்ரோலுக்கு ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கடை குறைந்தது 11 பாக்கெட் விற்க வேண்டும். ஒரே 8 பாக்கெட் விற்கும் இரண்டு கடைகளில் ஒன்று லாபமாகவும் மற்றது நஷ்டமாகவும் இருக்கலாம். வித்தியாசம் கடையில் இல்லை, சாலையில் இருக்கிறது.

கடைக்குள் செய்யும் வேலையின் வரிசை

வெறுங்கையோடு உள்ளே போங்கள். சரக்கு வண்டியிலேயே இருக்கட்டும். முதலில் வணக்கம் சொல்லிவிட்டு அலமாரியில் இருப்பதை எண்ணுங்கள். ஒரு பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். காற்று இறங்கியிருந்தால் உள்ளே நமுத்திருக்கும். வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், உள்பக்கம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். என் பாக்கெட்டுக்கு இரண்டு மாதத் தேதி. ஆறு வாரம் தாண்டியதை நான் எடுத்துவிடுவேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் எது பழையது என்று தூரத்திலேயே தெரியும்.

அடுத்தது, பழைய பில்லுக்குப் பணம். அது கைக்கு வந்த பிறகே வண்டிக்குப் போய்ப் புதுச் சரக்கை எடுக்கிறேன். புதுச் சரக்கு அலமாரியில் ஏறிய பிறகு பணம் கேட்டால், கடைக்காரருக்கு அவசரம் எதுவும் இருக்காது. வாடிக்கையாளர் நிற்கும்போது பணப் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் போகும்வரை பாக்கெட்டை அடுக்கிக்கொண்டிருங்கள். ஆள் முன்னால் கேட்டால் கடைக்காரருக்கு அவமானம், உங்களுக்குக் கடை போய்விடும்.

பில் புத்தகம் கார்பன் வைத்து இரண்டு தாளாக இருக்கட்டும். கடைக்காரர் கையெழுத்தும் கடைச் சாப்பும் போட்ட முதல் தாள் என்னிடம். நகல் அவரிடம். பணம் வந்ததும் முதல் தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அவரிடம் கொடுத்துவிடுவேன். ஆக, என் பையில் இருக்கும் தாள்கள் எத்தனையோ அத்தனை பாக்கி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட இதைவிட எளிய வழி இல்லை. டூயிட்நவ் மூலம் அனுப்பினால் பில் எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லுங்கள். அவர் போனில் காட்டும் படத்தை நம்பி நகராமல், பணம் உங்கள் கணக்கில் வந்துவிட்டதா என்று உங்கள் போனில் பாருங்கள்.

ஒரு கடை தடுமாறும்போது

முதல் லைனில் ஒரு மளிகைக் கடை. நடத்தியவர் வயதானவர், அன்பானவர், போகும்போதெல்லாம் தண்ணி கொடுப்பார். எப்போதும் 18 பாக்கெட், பில் 46 வெள்ளி 80 சென். ஒரு முறை அவர் சொன்னார்: "தம்பி, இந்த வாரம் கொஞ்சம் டைட்டா இருக்கு. இருவது வெள்ளி வெச்சிக்கோ. இந்தத் தடவ நாப்பது பாக்கெட்டா போட்டுடு."

பணம் குறைகிறது, ஆர்டர் ஏறுகிறது. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் அதுதான் முதல் அறிகுறி. நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். சமையல் எண்ணெய் அலமாரி பாதி காலி. பால் மாவு இருந்த இடத்தில் டிஷ்யூ பெட்டி. வேகமாக விற்கும், அதிகப் பணம் பிடிக்கும் பொருள்கள்தான் இல்லை. பெரிய சப்ளையர்கள் கடனை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கடை, கேள்வி கேட்காத சின்ன சப்ளையர்களிடம் சரக்கை நிரப்பப் பார்க்கும்.

நான் 20 வெள்ளியை வாங்கி இரண்டு தாளிலும் எழுதினேன். பாக்கி 26 வெள்ளி 80 சென். அலமாரியில் 7 பாக்கெட் இருந்தது. "அங்கிள், உங்களுக்கு பாரம் கொறையட்டும், இந்த ஏழ நான் எடுத்துக்கிறேன், பில்லுல கழிச்சிடலாம்" என்றேன். ஏழுக்கு 18 வெள்ளி 20 சென் கழிந்தது. மிச்சம் 8 வெள்ளி 60 சென்தான். அந்தச் சின்னத் தொகையை அடுத்த முறை அவர் தயங்காமல் கொடுத்தார். அதன்பின் ரொக்கத்துக்கு மட்டும் பத்துப் பத்து பாக்கெட் போட்டேன். மூன்று மாதம் கழித்துக் கடையை மூடிவிட்டார். மூடும்போது எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை. இன்றைக்கும் வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார். அன்று நாற்பது போட்டிருந்தால் பழையதும் சேர்த்து 130 வெள்ளிக்கு மேல் நின்றிருக்கும். என்னைக் கண்டால் அவர் ஒதுங்கிப் போகவேண்டி வந்திருக்கும்.

பாக்கி பெரிதானால் திருப்பிக் கொடுக்கவே மனம் வராது. சின்னதாக இருக்கும்போதே, திரும்ப எடுக்கக்கூடிய சரக்கை எடுத்துத் தொகையைக் குறைத்துவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: பாக்கெட் போன்ற கெடாத சரக்குக்குத்தான் இது ஒத்துவரும். மாவு, தயிர் போன்ற சரக்கென்றால் திரும்ப எடுத்து யாருக்கும் விற்க முடியாது. அப்படிப்பட்ட லைனில் ரொக்கம் தவிர வேறு வழியைச் சின்ன ஆள் யோசிக்கவே வேண்டாம்.

தீபாவளி மாதம்

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு எல்லாக் கடையும் இரட்டிப்பாகக் கேட்கும். சந்தோஷமான செய்திபோல் இருக்கும். ஆனால் அலமாரியில் நிற்கும் என் 600 வெள்ளி அப்போது 1,200 ஆக வேண்டும். அந்தப் பணம் பண்டிகை முடிந்துதான் வரும். தீபாவளி முடிந்த இரண்டு வாரம் எல்லா வீட்டிலும் முறுக்கு டின் நிறைந்திருக்கும், யாரும் கடையில் வாங்க மாட்டார்கள். மிஞ்சியதெல்லாம் திரும்பி வரும். அதனால் வழக்கமான அளவு பில்லுக்குப் பில். அதற்கு மேல் கேட்பது ரொக்கத்துக்கு, ரிட்டர்ன் கிடையாது. இப்படிச் சொன்னதும் 40 கேட்ட கடை 25 போதும் என்கிறது. அந்த 25தான் அவருடைய உண்மையான தேவை.

தொடங்கும் முன் இரண்டு வேலை

எஸ்.எஸ்.எம். பதிவு செய்ய வேண்டும். தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம், வயது 18 நிறைந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60 வெள்ளி. அடுத்தது லேபல். பொருளின் பெயர், சேர்மானம், எடை, செய்தவர் முகவரி, தேதி இவையெல்லாம் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சரக்கு எடுங்கள். சான்றிதழ் இல்லாத பொருளில் நாமாக ஹலால் என்று ஒட்டுவது குற்றம்.

செய்து பாருங்கள்

இந்த வாரம் உங்கள் வட்டாரத்தில் ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். அதில் உள்ள கடைகளைப் போகும் பக்கம், வரும் பக்கம் என்று இரண்டு பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக முதலாளி எப்போது கல்லாவில் இருப்பார் என்று கேட்டு நிரப்புங்கள். பிறகு கீழ்க்கண்ட கணக்கைப் போடுங்கள்.

ஒரு பாக்கெட்டை 1 வெள்ளி 50 சென்னுக்கு வாங்கி 1 வெள்ளி 90 சென்னுக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு கடை 20 பாக்கெட்டுக்குப் பணம் தரவில்லை. அந்த நஷ்டத்தை அடைக்க எத்தனை பாக்கெட் விற்க வேண்டும்? விடை 75. அந்த எண் உங்கள் லைனில் எத்தனை கடைக்குச் சமம் என்று பார்த்துவிட்டு, ஒரு கடைக்கு எத்தனை பில் கடன் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்யுங்கள்.